இன்னும் கேக்கல, தேடுறேன்

அந்த சிஸ்டர் "பயப்படாதே" என்று சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கர்ப்பிணிகள் வார்டில் மற்ற எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். சாப்பாடு கொண்டுவந்தவர் சொன்னார், தரை துடைத்த அம்மா சொன்னார், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடியது. இத்தனை பேர் சொல்கிறார்கள் என்றால் பயப்பட ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தார், நான்தான் நிமிர்ந்து படிக்கவில்லை. யாரையும் முகத்துக்கு நேராகப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ராத்திரி டூட்டி சிஸ்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஐம்பதைத் தாண்டிய வயது, கனத்த உடம்பு, முட்டி வலி. வேப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். வந்ததும் கட்டில் வரிசையை ஒரு தடவை மெதுவாக நடந்து பார்ப்பார். அப்போது எதுவும் கேட்கமாட்டார், பார்ப்பது மட்டும்தான். ஒருக்களித்துப் படுத்திருப்பவள் யார், மல்லாக்கப் படுத்திருப்பவள் யார், சாப்பாட்டைத் தொடாமல் மூடி வைத்திருப்பவள் யார் என்று அந்த ஒரு நடையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துத் தரித்த முதல் கர்ப்பம். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகள் சூளைக்குப் போவதற்கு முன்னால், ஈர ஸ்பாஞ்சால் ஓரத்துப் பிசிறை எடுத்து வழவழப்பாக்கும் வேலை. நாள் முழுக்க யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. ஒன்பதாம் மாதம் பிறந்த கையோடு பி.பி. ஏறிவிட்டது. ஸ்கேனில் பனிக்குட நீரும் கொஞ்சம் அதிகம் என்றார்கள். வீட்டில் வைத்திருக்க வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சேர்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஆம்பளை என்பதால் வார்டுக்குள் விடமாட்டார்கள். வெளியே மரத்தடியில் பாய் விரித்திருந்தார். என்னோடு உள்ளே இருந்தது என் நாத்தனார் செல்வி. நல்லவள்தான், ஆனால் தலை சாய்ந்த நிமிஷமே தூங்கிவிடுவாள்.

முதல் ராத்திரி எனக்கு எதிர்க் கட்டிலில் ஒரு சின்னப் பெண். அவளுக்கு ஊசி போட வந்தார் சிஸ்டர்.

"வலிக்குமா சிஸ்டர்?" என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வலிக்காது, எறும்பு கடிச்ச மாரிதான்" என்றாள் அவள் மாமியார்.

"வலிக்கும்" என்றார் சிஸ்டர். "எறும்பு கடியெல்லாம் இல்ல. நல்லாவே வலிக்கும். ஊசிய எடுத்தப்பறமும் கொஞ்ச நேரம் கடுக்கும். அப்பறம் போயிடும். போடட்டுமா, இல்ல நீ ரெடியாவற வரைக்கும் நிக்கட்டுமா?"

அந்தப் பெண் யோசித்தாள். பிறகு தானே கையை நீட்டினாள். போட்டு முடித்ததும், "நீங்க சொன்ன அளவுக்கு வலிக்கல சிஸ்டர்" என்றாள்.

"அப்ப எனக்குத்தான் ஊசி போடத் தெரியல" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மாமியார் சும்மா இருக்கவில்லை. "எம் மருமவளுக்கு என்னா கொழந்தைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று பின்னாலேயே போனார்.

"தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். ஜெயில்ல ராத்திரி டூட்டி பாக்க எனக்கு விருப்பமில்ல."

வார்டு முழுக்கச் சிரித்தது. நானும் போர்வைக்குள் சிரித்தேன்.

எதைச் செய்வதாக இருந்தாலும் செய்வதற்கு முன்னால் சொல்வார். "கைல பட்டைய சுத்தறேன், இறுக்கும், அப்பறம் வுட்டுடும்" என்பார். "வயித்த தொடறேன்" என்பார். தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். என்னிடம் தினமும் ஒரே கேள்விகள்தான். தலை வலிக்குதா, கண்ணு மங்குதா, பூச்சி பறக்கற மாதிரி தெரியுதா, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி இருக்கா, முகம் வீங்கியிருக்கா. ஒரு நாள் செல்வி, "எதுக்கு சிஸ்டர் தெனம் இதையே கேக்கறீங்க?" என்றாள்.

"இவங்களுக்கு பி.பி. இருக்குது. இதுல ஒண்ணு வந்தாலும் வலிப்பு வர்றதுக்கு முன்னாடி நாம முந்திக்கலாம். வராமயும் போவலாம். வந்தா எனக்குத் தெரியணும்."

வலிப்பு என்ற வார்த்தையை என் முன்னால் சொல்கிறாரே என்று செல்விக்குக் கோபம். எனக்கு அப்படி இல்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் அந்தக் குணத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்த்தேன். கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளாகக் குழந்தை அசையவில்லையாம். சிஸ்டர் வயிற்றில் துடிப்பு கேட்கிற கருவியை வைத்து வெகுநேரம் தேடினார். கூட வந்தவர்கள், "துடிப்பு இருக்குதுன்னு சொல்லுங்க சிஸ்டர், அவ தாங்க மாட்டா" என்று காதோரம் கெஞ்சினார்கள். அவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குக் கேக்கலம்மா. டாக்டர் ஸ்கேன் வச்சுப் பாப்பாங்க. அதுவரைக்கும் நான் உன்கூடதான் இருக்கேன்" என்றார். ஸ்கேனிலும் துடிப்பு இல்லை. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். இந்த அம்மா நமக்கும் ஒரு நாள் இப்படிச் சொல்லிவிடுவாரோ என்று எண்ணம் ஓடியது. அதற்குப் பிறகு அவர் கருவியை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக வரும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.

அது நடந்து சில நாள்தான் ஆகியிருக்கும்.

அன்றைக்கு மதியம் டூட்டியில் இருந்த சிஸ்டர் துடிப்பைக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் வயிறு ஒரு பக்கமாக இழுத்துப் பெரிதாகப் புரண்டது. மூச்சே முட்டிவிட்டது. பிறகு அமைதி. வழக்கமாக வலது விலா எலும்புக்குக் கீழேதான் உதைப்பான். (அவன் இவன் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தேன்.) அந்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சாயங்காலம் ஆனது, விளக்கு போட்டார்கள், ராத்திரிச் சாப்பாடு வந்தது, விலாவுக்குக் கீழே ஒன்றுமில்லை.

யாரிடம் சொல்வது? செல்வியிடம் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள். நர்ஸ் மேஜையைச் சுற்றி எப்போதும் கூட்டம். அத்தனை பேருக்கு நடுவில் போய் நின்று பேச எனக்கு வாய் வரவில்லை. போதாக்குறைக்கு ஒன்றுக்கு வருகிற மாதிரி முட்டிக்கொண்டே இருந்தது. போனால் நாலு சொட்டுக்கு மேல் வராது. திரும்பி வந்து படுத்தால் மறுபடி முட்டும். எத்தனை தடவை எழுந்து போவது என்று வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டேன்.

சிஸ்டர் அன்று வார்டின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கட்டில் கடைசி. பாத்ரூமிலிருந்து நான் திரும்பும்போது வழியிலேயே நிறுத்தினார்.

"நான் வந்ததுலேந்து பாக்கறேன், போறதும் வர்றதுமா இருக்க. ஒண்ணுக்குப் போனா எரியுதா?"

"இல்ல சிஸ்டர்."

"காய்ச்சல்? இடுப்பு வலி?"

தலையை ஆட்டினேன்.

"பின்ன?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மதியத்துலேந்து அசையல சிஸ்டர்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று திட்டுவார் என்று நினைத்தேன். "வா, படு" என்றார். வரிசையில் இன்னும் இரண்டு பேர் பாக்கி இருந்தார்கள். அவர்களிடம், "இவங்கள மொதல்ல பாத்துட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ரத்தம் பட்டுச்சா, தண்ணி கசிஞ்சுதா, வயிறு கல்லு மாதிரி இறுகுதா என்று கேட்டார். எதுவும் இல்லை. என் வலது இடுப்புக்குக் கீழே ஒரு துணி மடிப்பைச் செருகி, உடம்பைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார்.

"இப்ப துடிப்ப கேக்கப் போறேன். எது கேக்குதோ அதச் சொல்றேன். ஜெல்லு சில்லுன்னு இருக்கும்."

ஒரு கையில் அந்தச் சின்ன மைக் மாதிரிக் கருவி. இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மதியம் கேட்ட அதே இடத்தில், இடது அடிவயிற்றில் வைத்தார். கரகரவென்று சத்தம். கொஞ்சம் நகர்த்தினார். பிறகு, டப், டப், டப் என்று தெளிவாகக் கேட்டது.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்வி எப்போது எழுந்தாளோ, "அதோ கேக்குது அண்ணி! அதோ!" என்று என் காலைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இரும்மா" என்றார் சிஸ்டர். அவர் முகம் மாறவில்லை. "இது கொழந்தையோடது இல்ல. இது உன் நாடி. என் வெரல்ல அடிக்கறதும் இதுல அடிக்கறதும் ஒண்ணாவே வருது. கொழந்தையோடது இதவிட ரொம்ப வேகமா ஓடணும்."

"அப்ப கொழந்தையோடது?"

"இன்னும் கேக்கல. தேடுறேன்."

இன்றைக்கும் அந்த மூன்று வார்த்தையை நினைத்தால் உடம்பு சில்லிடுகிறது. அந்தச் சத்தத்தை அப்படியே விட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், அவருக்கும் வேலை முடிந்திருக்கும். அவர் விடவில்லை. வலது பக்கம் வைத்தார். நடுவில் வைத்தார். கரகரப்புதான். தலையைத் திருப்பாமலே அங்கிருந்த ஆயாம்மாவிடம், "டூட்டி டாக்டர உடனே வரச் சொல்லுங்க. அசைவு இல்ல, துடிப்பு இன்னும் பிடிபடலன்னு சொல்லுங்க" என்றார். அவசரம் தெரியாத குரல். எனக்குக் கம்மாபுரத்துப் பெண்ணின் அழுகை காதில் கேட்டது.

"சிஸ்டர், என்கிட்டயும் அதேதான் சொல்லப் போறீங்களா?"

அவருக்குப் புரிந்தது. "எனக்கே இன்னும் தெரியாதும்மா. தெரிஞ்ச நிமிஷம் உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன். இப்ப கருவிய வச்சுட்டு கையால பாக்கப் போறேன். முட்டிய மடக்கு. வாயால மூச்சு வுடு."

கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். அடிவயிற்றில் இரண்டு கையையும் வைத்து மெதுவாக அழுத்தினார். அங்கேயே நின்றுவிட்டார். மறுபடி அழுத்திப் பார்த்தார். பிறகு கைகள் மேலே ஏறி விலா எலும்புக்குக் கீழே வந்தன. எதையோ இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து லேசாக ஆட்டினார்.

"நீ என்னா வேல பாக்கற?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று தோன்றியது. "பொம்மைக்குப் பிசிறு எடுக்கறது."

"அப்ப கையே சொல்லிடும். இங்க தொடு."

தொட்டேன். தோலுக்கு அடியில் உருண்டையாக, கெட்டியாக ஒன்று. தள்ளினால் தனியாக அசைந்து கொடுத்துத் திரும்ப வந்தது. நாள் முழுக்க எத்தனை பொம்மைத் தலைகளை உள்ளங்கையில் வைத்து உருட்டியிருப்பேன்! எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தலை" என்றேன்.

"தலைதான். கீழ இருக்க வேண்டியது மேல வந்து உக்காந்திருக்குது. தண்ணி அதிகமா இருக்குதில்ல, மதியம் ஒரு குட்டிக்கரணம் போட்டிருக்குது. நான் இவ்ளோ நேரம் தப்பான எடத்துல தேடியிருக்கேன்." கருவியை எடுத்துத் தொப்புளுக்கு மேலே, வலது பக்கமாக வைத்தார்.

குதிரை ஓடுகிற மாதிரிக் கேட்டது. அவர் விரல்கள் என் மணிக்கட்டில் இருந்தன. என் நாடி ஒரு கணக்கில் அடிக்க, அது வேறு கணக்கில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டு முழுசாக எண்ணி முடித்தார்.

"இதான் கொழந்தையோடது. உன்னுதோட சேரல, தனியா ஓடுது. நூத்தி நாப்பதுக்குக் கிட்ட. சரியான வேகம்."

செல்வி ஓவென்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கூச்சத்தோடு, "சிஸ்டர், மறுபடி ஒண்ணுக்கு வர்ற மாரி முட்டுது" என்றேன்.

அவர் அடிவயிற்றில் கை வைத்தார். முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "அடிப்பாவி, இது ஒண்ணுக்கு இல்ல. உம்புள்ள மூத்திரப் பையில ஏறி மிதிக்குது. தல மேல போனா காலு கீழதான வரும்? நீ விலாவுல தேடிக்கிட்டு இருந்திருக்க, அது சாயங்காலத்துலேந்து உன்ன பாத்ரூமுக்கு விரட்டிக்கிட்டு இருந்திருக்குது."

"நான் அதையா போய்ப் போய்..."

"ஆமா. அதுவும் இங்க மிதிக்கறேன் பாருன்னு சொல்லிச் சொல்லிப் பாத்துச்சு" என்றார். பிறகு முகம் இறுகியது. "இன்னிக்கு நல்லபடியா போச்சு. இனிமே அசைவு கொறைஞ்சாப்புல தோணுச்சுன்னா, அந்த நிமிஷமே சொல்லணும். கூட்டமா இருக்குது, சிஸ்டர் திட்டுவாங்க, ஒண்ணும் நெனைக்கக் கூடாது. தண்ணியும் குடிக்கணும்."

டாக்டரம்மா வந்தார். தூக்கக் கலக்கம் முகத்தில் இருந்தாலும் நடையில் இல்லை. அவரும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துத் தலை மேலேதான் என்றார். வயிற்றில் இரண்டு பெல்ட்டுகளைக் கட்டி, துடிப்பைக் கோடாக வரைகிற மெஷினில் இணைத்தார்கள். என் கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, அசையும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். அடியில் மிதி விழும்போதெல்லாம் அழுத்தினேன். ஒவ்வொரு அசைவுக்கும் கோடு கொஞ்சம் ஏறி இறங்கியது. அப்படி ஏறுவது நல்லது என்று டாக்டரம்மா சொன்னார். பி.பி.யும் பார்த்தார்கள். காலையில் ஸ்கேன் என்று முடிவானது.

அத்தனை நேரமும் சிஸ்டர் என் மணிக்கட்டை விடவில்லை.

ஸ்கேனிலும் தலை மேலே, கால் கீழே. காலையில் டூட்டி முடிந்து கிளம்பும்போது பையோடு என் கட்டிலுக்கு வந்தார்.

"மறுபடி சுத்திக் கீழ வந்தாலும் வரலாம். வரலன்னா ஆபரேசன் பண்ணுவாங்க. உனக்கு ஆபரேசன்னா பயம்னு தெரியும். வயிறு கொஞ்ச நாளைக்கு வலிக்கும், நான் பொய் சொல்லல. ஆனா இப்ப ஒண்ண மட்டும் நல்லாக் கேளு. தண்ணி உடஞ்சா எழுந்து நடக்காத. கீழ தல இல்ல, தண்ணியும் அதிகம். வேகமா வர்ற தண்ணியோட தொப்புள் கொடியும் நழுவி முன்னாடி வந்துடலாம். அது நசுங்கினா கொழந்தைக்கு ரத்தம் போவாது. அதனால படுத்த எடத்துலேந்தே கத்தணும். கத்து பாப்போம்."

"இப்பவா?"

"இப்பதான்."

"சிஸ்டர்" என்றேன்.

"இது உனக்கே கேட்டிருக்காது."

"சிஸ்டர்."

"உன் நாத்தனாரு குறட்டை இதவிட சத்தமா இருக்குது." செல்வி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். எதிர்க் கட்டில் சின்னப் பெண், "நான் வேணா உங்களுக்குப் பதிலா கத்தட்டுமா அக்கா?" என்றாள். அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அதற்கடுத்த வாரம், இன்னும் வெளுக்காத நேரம், போர்வைக்கு அடியில் சூடாகப் பரவியது. எழுந்து உட்காரத்தான் உடம்பு போயிற்று. படுத்தபடியே கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. வெளியே மரத்தடியில் படுத்திருந்த என் வீட்டுக்காரருக்குக் கேட்டதாம். என் குரல்தான் என்று அவருக்குத் தெரியவில்லையாம். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதில்லை.

முட்டி வலிக்காரர் ஓடியே வந்தார். இடுப்பை உயர்த்தித் தலையணை வைத்தார். "கீழ பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பார்த்தார். "கொடி வெளிய வரல" என்றார். துடிப்பைக் கேட்டார், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான். "ஓடுது. டாக்டரும் உள்ள பாப்பாங்க." பிறகு எல்லாமே வேகம்தான். முதுகில் ஊசி போட்டார்கள். வயிற்றுக்குக் கீழே மரத்துப்போனது. யாரோ ஒரு திரையை நட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து பெண் குழந்தை என்றார்கள். கால்தான் முதலில் வந்ததாம். மிதித்துக்கொண்டே இருந்த கால்.

மூன்றாம் நாள் ராத்திரி, பிரசவமானவர்கள் இருக்கும் வார்டுக்கு சிஸ்டர் என்னைப் பார்க்க வந்தார். வேலையாக வரவில்லை, சும்மாதான். தையல் வலி எப்படி இருக்குது, பால் வருதா என்று கேட்டுவிட்டு, பாப்பாவின் உள்ளங்காலை ஒரு விரலால் தடவினார். நன்றி சொல்ல வேண்டும் என்று பகலெல்லாம் வார்த்தையைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"சிஸ்டர், அன்னிக்கு நாடிய எண்ணி முடிச்சப்பறமும் நீங்க என் கைய வுடல. டாக்டரம்மா வந்துட்டுப் போற வரைக்கும் புடிச்சிக்கிட்டே இருந்தீங்க. அதுலதான் நான் தைரியமா இருந்தேன்."

அப்போதுதான் நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அது உனக்காகப் புடிக்கலம்மா" என்றார். "மொத எடத்துல கேக்கல, ரெண்டாவது எடத்துல கேக்கல. எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, துடிப்பு கேட்டப்பறமும் நிக்கல. எதையாச்சும் கெட்டியாப் புடிச்சுக்கணும் போல இருந்துச்சு. உன் கைதான் கிட்ட இருந்துச்சு."